திருகோணமலையில் பார்லர் சார்பில் முடி தான நாள்: எப்படிச் செய்வது?

உவர்மலை பார்லர்

வணக்கம். உவர்மலையில் பெண்களுக்கான சின்ன பார்லர் ஒன்று வைத்திருக்கிறேன். என்னோடு சேர்த்து மூன்று பேர், மூன்று கதிரை. பெப்ரவரி 4 உலகப் புற்றுநோய் தினம். அன்று வருகிறவர்களுக்கு இலவசமாக முடி வெட்டிவிட்டு, வெட்டிய முடியைப் புற்றுநோயாளிகளுக்கு விக் செய்யக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை. அதே நாளில் நோயாளிகளுக்கு இலவசமாக ஃபேஷியல், மேக்கப்பும் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். நூறு பேராவது வந்தால் நன்றாக இருக்கும்.

மறைக்க ஒன்றும் இல்லை, கடைக்கும் நல்ல பெயர் வேண்டும். பக்கத்தில் புதுப் பார்லர்கள் வந்துவிட்டன, சாமத்தியவீட்டு ஓர்டர்கள் குறைந்துவிட்டன. முன்பு செய்தவர்கள் யாராவது இருந்தால் எதில் தொடங்குவது என்று சொல்லுங்கள்.

துறைமுகக்காற்று

நல்ல யோசனை அக்கா. செலவில்லாத விளம்பரம். ஒரு பெரிய பேனர், முகநூலில் நேரலை, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் படம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முடி கொடுப்பது போல ஒரு வீடியோ போனால் ஊரே பகிரும். எட்டு அங்குலம் இருந்தால் போதும், நரை, டை எல்லாம் பிரச்சினை இல்லை. வெட்டியதைப் பையில் போட்டு கொழும்புக்கு கூரியரில் அனுப்பினால் வேலை முடிந்தது. நூறு பேர் தாராளமாக வருவார்கள்.

கத்தரிக்கோல்

வருவார்கள், ஆனால் நூறு பேருக்கு உங்களால் வெட்ட முடியாது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தம்பி சொன்ன எட்டு அங்குலத்தைப் பார்ப்போம்.

நான் மட்டக்களப்பில் சலூன் வைத்திருக்கிறேன். அதற்கு முன் கொழும்பில் விக் செய்யும் இடமொன்றில் வேலை செய்தேன். கையால் செய்யும் விக்கில் வலை போன்ற துணியில் ஒவ்வொரு முடியையும் கொக்கியால் இழுத்து முடிச்சுப் போடுவார்கள். அந்த முடிச்சுக்காக முடியை வேர்ப் பக்கத்தில் மடிக்க வேண்டும். மடிப்பிலேயே ஓரிரு அங்குலம் போய்விடும். அதற்கு முன் ஆணிச் சீப்பு போன்ற ஒன்றில் கட்டை இழுத்து, உள்ளே இருக்கும் குட்டை முடியை எல்லாம் எடுத்துவிடுவார்கள். பன்னிரண்டு அங்குலப் பின்னலைக் கொடுத்தால் தோளைத் தொடாத விக்தான் வரும். எட்டு அங்குலத்தில் வருவது பையன் வெட்டு.

அதனால் எத்தனை அங்குலம் என்பதை நீங்களோ நானோ முடிவு செய்வதில்லை, வாங்குகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் லாக்ஸ் ஆஃப் லவ் என்ற அமைப்பு பத்து அங்குலம் கேட்கிறது. அவர்கள் சாயம் போட்டதை எடுப்பார்கள், பிளீச் செய்ததை எடுக்க மாட்டார்கள். இங்கே இந்திரா கேன்சர் டிரஸ்ட் போன்றவர்கள் முடி வாங்கி விக் செய்து கொடுக்கிறார்கள். எவரிடம் கொடுக்கப் போகிறீர்களோ அவர்களோடு முதலில் கதையுங்கள். குறைந்த நீளம், சாயம், மருதாணி, நரை, சுருள்முடி, யார் கொண்டுவந்து கொடுப்பது, வாங்கியதற்கு ஒரு கடிதம் தருவார்களா என்று கேட்டு எழுதி வையுங்கள். அது கையில் வந்த பிறகு பேனர் அடியுங்கள். தலைகீழாகச் செய்தால் முப்பது பேரின் முடி பையோடு கடையில் கிடக்கும், வாங்க ஆள் இருக்காது. எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் அப்படித்தான் நடந்தது. கடைசியில் குப்பைக்குப் போனது. கொடுத்த பிள்ளைகளின் தாய்மார் கேட்கும்போது என்ன பதில் சொல்வது?

பத்தினிமேடு

கோயிலில் முடி இறக்குகிறார்களே, அந்த முடியை எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் என்ன? எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வயதில் மொட்டை அடித்தோம், அந்த முடியை இன்னும் வைத்திருக்கிறேன். அதைக் கொண்டுவரலாமா?

கத்தரிக்கோல்

ஒரு வயதுப் பிள்ளையின் முடி இரண்டு மூன்று அங்குலம்தான் இருக்கும் அம்மா, ஆகாது. பெரியவர்கள் காணிக்கையாக இறக்குவது கோயிலுக்குரியது, அதில் நாங்கள் கை வைக்க வேண்டாம். இன்னொரு விஷயம், நிலத்தில் விழுந்த முடியைக் கூட்டி அள்ளினால் வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கமாகக் கலந்துவிடும். முடியின் மேல்தோலில் நுனியை நோக்கி அடுக்கிய செதில்கள் இருக்கின்றன. திசை மாறினால் ஒன்றோடொன்று கொழுவிச் சிக்காகும். அப்படிப்பட்ட விக்கை ஒரு மாதம் போட்டால் தும்புத்தடிதான்.

அக்கா, அதனால் உங்கள் மூன்று பேருக்கும் முதல் பாடம் கட்டும் முறை. தலையைக் கழுவுவது கடையில் வேண்டாம். முதல் நாள் வீட்டில் ஷாம்பு போட்டு முழுகி, எண்ணெய் வைக்காமல், நன்றாகக் காய்ந்த தலையோடு வரச் சொல்லுங்கள். கடலோரக் காற்றில் இடுப்பளவு முடி காய எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியும். ஈரத்தோடு பையில் போட்டால் பூஞ்சணம் பிடித்து மணக்கும், பைக்குள் இருப்பது முழுவதும் போகும்.

வந்தவுடன், வெட்டி முடிந்த பின் தலை எப்படி இருக்க வேண்டும் என்று கேளுங்கள், கழுத்தளவா, தாடையளவா என்று. அந்தக் கோட்டிலிருந்து ஒரு விரல் கீழே விட்டு றப்பர் பாண்ட் போடுங்கள். அந்த விரல் அளவு பிறகு சமப்படுத்த வேண்டும். ஒரே குதிரைவால் போட்டு வெட்டாதீர்கள். பின்னால் கட்டிய ஒரு வாலை வெட்டினால் முன்பக்க முடி நீளமாகவும் பிடரி முடி ஒட்டவும் போய்விடும், கொடுத்தவள் கண்ணாடியைப் பார்த்து அழுவாள். தலையை நான்கு அல்லது ஆறு பிரிவாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே கட்டுங்கள். பாண்டிலிருந்து நுனி வரை நாடாவால் அளந்து, போதும் என்றால் மட்டும் கத்தரிக்கோலை எடுங்கள். லேயர் வெட்டு இருந்தால் அதில் மிகக் குட்டையான முடியை அளக்க வேண்டும். சுருள் என்றால் இழுத்து நீட்டி அளக்கலாம்.

வெட்டுவது பாண்டுக்கு மேலே, கால் அங்குலம் விட்டு. பாண்டிலேயே வெட்டினால் அது நழுவி எல்லாம் பறக்கும். நடுவிலும் நுனியிலும் இன்னொரு பாண்ட். வேர்ப் பக்கம் மட்டும் சிவப்பு நிறம் என்று நாங்கள் வைத்திருந்தோம், பிறகு யாருக்கும் குழப்பம் வராது.

இப்போது நேரக் கணக்கு. பார்த்து, பிரித்து, அளந்து, கட்டப் பத்து நிமிடம். வெட்டி, மிச்சத்தை ஒழுங்கான ஸ்டைலாக்க அரை மணி. ஆளுக்கு நாற்பது நிமிடம் வையுங்கள். காலை ஒன்பது முதல் மூன்று மணி வரை ஆறு மணித்தியாலம், ஒரு கதிரைக்கு ஒன்பது பேர். மூன்று கதிரைக்கு இருபத்தேழு. சாப்பாடு, தாமதம், மனம் மாறுகிறவர்கள் எல்லாம் போக இருபத்து நான்கு டோக்கன் கொடுங்கள். அதற்கு மேல் போனால் மிச்சத்தை ஒழுங்காக வெட்ட நேரம் இருக்காது. இலவசமாக வந்தவளின் தலை கோணலாக இருந்தால் அவள் ஊரெல்லாம் உங்கள் கடைப் பெயரைத்தான் சொல்வாள்.

அம்பிகைமகள்

என் மகளுக்கு இடுப்புக்குக் கீழே முடி. கொடுக்க ஆசைப்படுகிறாள், ஆனால் பரதம் பழகுகிறாள், அரங்கேற்றம் இருக்கிறது. வெட்டினால் திரும்ப வளர எவ்வளவு காலம்? பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பின்னல் வேறு போட வேண்டும், வெட்டினால் பின்ன முடியாதே. இன்னொன்று, பெப்ரவரி 4 சுதந்திர தினம். லீவுதான், ஆனால் அணிவகுப்புக்குப் போகும் பிள்ளைகள் காலையில் வர மாட்டார்கள்.

கத்தரிக்கோல்

மாதத்துக்கு அரை அங்குலம் என்பது பொதுவான கணக்கு. பன்னிரண்டு அங்குலம் திரும்ப வர இரண்டு வருடம். அரங்கேற்றத்துக்கு சவுரி வைக்கலாம்தான், ஆனால் அது அவளும் குருவும் முடிவு செய்ய வேண்டியது. இடுப்புக்குக் கீழே இருக்கிற பிள்ளை நுனியில் பன்னிரண்டு அங்குலம் கொடுத்தாலும் முதுகு நடுவரை மிஞ்சும், பின்னலும் போடலாம். மொத்தத்தையும் கொடுக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

அக்காவுக்கு: பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் தாயோ தகப்பனோ கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். சிநேகிதிகளோடு ஐந்து பேர் ஒன்றாக வந்தால் ஒருத்தி வெட்டினாளே என்று மற்றவளும் உட்காருவாள். அது வீட்டுக்குப் போய்த்தான் வெடிக்கும்.

கிண்ணியாத் தங்கச்சி

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் பக்கமிருந்தும் பெண்கள் வர விரும்புவார்கள், ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, ஆண் யாரும் உள்ளே வரக் கூடாது, கதவுக்குத் திரை வேண்டும், நேரலை என்ற கதையே இருக்கக் கூடாது. துறைமுகக்காற்று சொன்ன மாதிரிப் படம் எடுத்தால் ஒருத்தியும் வர மாட்டாள். இரண்டாவது, மனித முடியில் செய்த விக் பற்றி மார்க்கத்தில் தடை இருப்பதாகத்தான் பல உலமாக்கள் சொல்கிறார்கள். நோயாளிக்கு என்றால் கொடுக்கலாமா என்று எங்கள் மௌலவியிடம் கேட்க வேண்டும். அதுவரை நான் யாரையும் கூப்பிட மாட்டேன்.

உவர்மலை பார்லர்

திரை போடலாம் தங்கச்சி, எங்கள் கடையில் ஆண்கள் வேலைக்கு இல்லை. மார்க்க விஷயத்தில் நீங்கள் கேட்டு வருவதுதான் சரி.

கத்தரிக்கோல் அக்கா, நன்றி. எனக்கு வேறொரு பயம். போன வாரம் வாடிக்கையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "முடியை வாங்கி வித்துடுவியள்" என்று சிரித்தார். பகிடிக்குச் சொன்னாரா தெரியாது.

கத்தரிக்கோல்

பகிடியாக இருந்தாலும் அதை எடுத்து வையுங்கள். நீளமான இயற்கை முடிக்குச் சந்தையில் விலை இருக்கிறது, சனத்துக்கும் அது தெரியும். நான் கடையிலிருந்து முடி வெளியே போகும் வரை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுத வைப்பேன். டோக்கன் இலக்கம், நீளம், கிராமில் எடை, சாயம் போட்டதா இல்லையா. பெயர் வேண்டாம். சமையலறைத் தராசு ஒன்று மேசையில் இருக்கட்டும், கொடுத்தவளின் கண் முன்னால் நிறுத்து எழுதுங்கள். ஒருவரின் முடி பெரும்பாலும் நூறு கிராமுக்குள்தான் வரும். கட்டுகளை இலக்கத்தோடு ஒரு சிறிய பையில் போட்டு மூடுங்கள். மாலையில் பைகளின் எண்ணிக்கையும் மொத்த எடையும் கூட்டி, கடையோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாங்குகிற அமைப்பும் அதே பட்டியலில் கையெழுத்துப் போட்டால் அதன் பிரதியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தன் இலக்கத்தைத் தேடிப் பார்க்கிறவள் அடுத்த தரம் தலை முழுகிக்கொண்டு வந்து நிற்பாள். கூரியரும் வேண்டாம் என்பேன், யாராவது இரவு பஸ்ஸில் கொண்டுபோய்க் கையில் கொடுக்கட்டும்.

துறைமுகக்காற்று

இவ்வளவு பேப்பர் வேலை செய்தால் கடைக்கு என்ன லாபம்? படம் இல்லை, நேரலை இல்லை, நூறு பேர் இல்லை. அக்கா ஒரு நாள் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறார். பேனரில் கடைப் பெயரைப் பெரிதாகப் போடுவதில் என்ன பிழை?

வார்ட் நர்ஸ்

கடைப் பெயர் போடுங்கள், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. நான் சொல்ல வந்தது நோயாளிகளுக்கு ஃபேஷியல் என்ற பகுதியைப் பற்றி. அது மேலே யாருக்கும் கண்ணில் படவில்லை.

கீமோ எடுக்கிறவர்களின் வெள்ளை அணு எண்ணிக்கை குறையும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் கூட்டத்துக்குள் வருவதே ஆபத்து, சாதாரணச் சளியும் அவர்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும். தோல் மெலிந்து வறண்டிருக்கும். ஃபேஷியல் தேய்ப்பு, பிளீச், நூல் போட்டுப் புருவம் எடுத்தல், வக்ஸ் எதுவும் வேண்டாம். சின்னக் கீறல் போதும், கிருமி போக. மார்பில் அறுவை செய்து அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கையில் நகத் தோல் வெட்டுவதும் கூடாது, கை வீங்கக்கூடும். அவர்களிடம் எந்தக் கை என்று கேட்டாலே சொல்வார்கள்.

செய்யக் கூடியதும் இருக்கிறது. தலைமுடியோடு பலருக்குப் புருவமும் இமைமுடியும் போய்விடும், முகமே மாறிப் போனது போல உணர்வார்கள். புருவப் பென்சிலால் மெல்லிய கோடுகளாகப் புருவம் வரையக் கற்றுக் கொடுங்கள். வாசனையில்லாத மாய்ஸ்ச்சரைசர், புதிதாகப் பிரித்த பென்சில், அதையே அவரிடம் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒருவருக்குப் போட்ட தூரிகை இன்னொருவருக்கு வேண்டாம். முடி தான நாளிலிருந்து பிரித்து, வேறொரு நாளில், கடையை மூடி, மூன்று நான்கு பேருக்கு மட்டும். எந்த நாளில் வரலாம் என்று அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வரட்டும். அங்கே கமரா வேண்டவே வேண்டாம்.

கூடவே ஒன்று. கீமோ தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் பலருக்கு முடி கொட்டத் தொடங்கும். சிலர் கொட்டும் முன்னே ஒட்ட வெட்டிக்கொள்ள விரும்புவார்கள், ஆனால் வெளியே உட்கார வெட்கம். அப்படி ஒருவர் கேட்டு வந்தால் கடை பூட்டிய பிறகு வெட்டிக் கொடுங்கள். மெஷினால் வெட்டலாம், சவரக்கத்தி வேண்டாம்.

இன்னொரு உண்மையும் சொல்கிறேன். சித்திரை வெயிலில் விக் போட்டால் எரியும். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பருத்தித் துணித் தொப்பியைத்தான் கேட்கிறார்கள், சேலைத் தலைப்பே போதும் என்பவர்களும் உண்டு. விக் வாங்கி அலுமாரியில் வைத்தவர்களையும் தெரியும்.

துறைமுகக்காற்று

அப்படியானால் முடியை ஏன் வெட்ட வேண்டும்? தொப்பி தைக்கக் காசு சேர்க்கலாமே.

வார்ட் நர்ஸ்

வேலைக்குப் போகிற பெண், கலியாண வீட்டுக்குப் போக வேண்டியவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, இவர்களுக்கு விக் வேண்டும். யாருக்கு எது வேண்டும் என்று கேட்காமல் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்காது.

உவர்மலை பார்லர்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

கொழும்பில் ஒரு அமைப்போடு கதைத்து நிபந்தனைகளை எழுதி வாங்கிய பிறகுதான் அறிவித்தேன். சுதந்திர தினத்தை விட்டுவிட்டு அதற்கு அடுத்த சனிக்கிழமை வைத்தோம். டோக்கன் இருபத்து நான்கும் போய்விட்டது, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கமிருந்தும் வந்தார்கள். ஆனால் வெட்டியது எல்லோருக்கும் இல்லை. முதல் நாளே முழுகிவிட்டு வாருங்கள் என்று சொல்லியும் சிலர் அன்று காலை முழுகி ஈரக் கொண்டையோடு வந்தார்கள். எண்ணெய் வைக்காமல் வெளியே போகவே கூடாது என்று ஒரு பாட்டி பேத்திக்கு எண்ணெய் தடவி அனுப்பியிருந்தார். அவர்களுக்கு வேறு நாள் எழுதிக் கொடுத்தேன். நேராக்கியும் பிளீச் செய்தும் நுனி உடைந்த தலை ஒன்றை அமைப்பின் பட்டியலைக் காட்டித் திருப்பினேன், கோபித்துக்கொண்டு போனார். ஒரு பிள்ளைக்கு ஈர் இருந்தது. அதை எல்லோர் முன்னும் சொல்லவில்லை, உள் அறைக்குக் கூப்பிட்டுத் தாயிடம் சொன்னேன். இதற்காகவே வாசலில் சீப்புப் பரிசோதனை என்று வைக்காமல் உள்ளே வைத்தது நல்லதாகப் போயிற்று.

கட்டிய பிறகு, கத்தரிக்கோலைக் கையில் எடுத்த நேரத்தில், ஒரு பெண் வேண்டாம் என்றாள். பாண்டை அவிழ்த்துவிட்டு, நுனி மட்டும் சமப்படுத்தி அனுப்பினோம். தேத்தண்ணி குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டுதான் போனாள்.

பேனரில் கடைப் பெயரைச் சின்னதாகப் போட்டேன். படமாக எடுத்தது மேசையில் இருந்த கட்டுகளையும் தராசையும் மட்டும். கையெழுத்துப் பிரதி கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. வந்தவர்கள் அதைத்தான் நின்று வாசிக்கிறார்கள். புது ஓர்டர் வந்ததா என்று கேட்டால், இரண்டு சாமத்தியவீடு வந்தது. இதனால்தான் வந்ததா என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

புருவம் வரையும் நாளை நர்ஸ் சொன்னபடி மார்ச்சில் தனியாக வைக்கிறோம்.

துறைமுகக்காற்று

அந்தத் தராசுப் படத்தை நானும் பகிர்ந்தேன். ஆனாலும் பெயர் பெரிதாக இருந்திருக்கலாம் என்றுதான் சொல்வேன்.

பத்தினிமேடு

அடுத்த முறை எப்போது? எனக்கு நரைதான், ஆனால் பதினைந்து அங்குலம் இருக்கும்.

கத்தரிக்கோல்

நரையை எடுக்கிற இடமும் உண்டு, எடுக்காத இடமும் உண்டு அம்மா. அக்கா தன் பட்டியலைப் பார்த்துச் சொல்லட்டும். அக்கா, பைகளைக் கொண்டுபோகும் வரை எங்கே வைத்தீர்கள்? குளியலறைப் பக்க அலுமாரியில் வைக்காதீர்கள்.

கிண்ணியாத் தங்கச்சி

மௌலவிமாரிடம் கேட்டேன். ஒருவர் கூடாது என்றார், இன்னொருவர் நோயாளிக்கு என்றால் யோசிக்கலாம் என்றார், முடிவாகச் சொல்லவில்லை. புருவம் வரையும் நாளுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் வரலாமா? ஒருவருக்குக் கீமோ முடிந்துவிட்டது, மற்றவருக்கு இன்னும் நடக்கிறது.

வார்ட் நர்ஸ்

முடிந்தவர் வரட்டும். நடந்துகொண்டிருக்கிறவரின் அடுத்த கீமோத் திகதியை எனக்குத் தனியாக அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.